மைனஸ் இ

அந்த வரியை இதுவரை பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். சாட்டில் இன்னும் அப்படியே கிடக்கிறது. மதியம் 12:50க்கு அவள் கேட்டிருக்கிறாள்: "அண்ணா, நாலு கான்ஃப் ஃபைல்லயும் 8080ஐ 9090ஆ மாத்தணும். ஒரே கமாண்ட்ல முடியுமா?" 12:51க்கு என் பதில்:

```
sed -i -e 's/8080/9090/' *.conf
```

அதற்கு மேலும் கீழும் ஒரு வார்த்தை கிடையாது. அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள், நான் சாப்பிடப் போனேன்.

எங்கள் சர்வர்கள் எல்லாமே லினக்ஸ். நானும் நாள் முழுக்க அதில்தான் இருப்பேன். அவள் கையில் இருந்தது மேக். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எதிர் வரிசையில்தான் உட்காருகிறாள், அந்த மடிக்கணினியைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதுகூட முழு உண்மை இல்லை. "எங்க ஓட்டப் போற?" என்று கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதற்கு விசாரணை என்று விட்டுவிட்டேன்.

`-i` என்றால் மாற்றத்தை அந்தக் கோப்பிலேயே எழுது என்று பொருள். பழைய கோப்புக்கு ஒரு நகல் வேண்டுமென்றால் அதன் பெயரில் என்ன வால் சேர்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லலாம். லினக்ஸில் இருக்கும் ஜிஎன்யூ `sed` அந்த வாலை `-i`யோடு ஒட்டி எழுதினால்தான் எடுத்துக்கொள்ளும். மேக்கில் இருப்பது பிஎஸ்டி வழி வந்த `sed`. அதற்கு வால் கட்டாயம், ஒட்டி எழுதாவிட்டால் அடுத்து வரும் சொல் எதுவானாலும் அதையே வாலாக எடுத்துக்கொள்ளும். நான் எழுதியதில் அடுத்த சொல் `-e`. அதனால் நான்கு கோப்பிலும் 9090 சரியாக விழுந்தது. கூடவே `orders.conf-e`, `payments.conf-e` என்று, உள்ளே பழைய 8080ஓடு நான்கு நகல்களும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டன.

என்னை அதிகம் உறுத்துவது இந்தச் சத்தமில்லாததுதான். அந்த `-e` தேவையே இல்லை, பழக்கத்தில் போட்டது. அதை விட்டிருந்தால் மேக் அங்கேயே முரண்டு பிடித்திருக்கும்:

```
sed: 1: "orders.conf": invalid command code o
```

அவள் "அண்ணா, எரர் வருது" என்று அனுப்பியிருப்பாள். "மேக்கா? அப்ப `-i`க்குப் பிறகு ஒரு இடம் விட்டு `''` போடு" என்று நான் சொல்லியிருப்பேன். இரண்டு நிமிட வேலை. தப்பாக ஊகிப்பதற்கு எப்போதும் ஒரே விலை இல்லை. சத்தம் போடும் தப்பு மலிவாகப் போய்விடுகிறது. வேலை முடிந்த மாதிரிக் காட்டும் தப்புதான் பிறகு வந்து வட்டியோடு கேட்கிறது.

வந்து கேட்டது மாலையில். அவள் `git add -A` கொடுத்ததில் எட்டுக் கோப்புகளும் ரெப்போவுக்குள் போயின. டிப்ளாய் ஸ்கிரிப்ட் அவற்றை சர்வரின் `sites-enabled`இல் கொண்டுபோய்ப் போட்டது. எங்கள் என்ஜின்எக்ஸ் அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும், `.conf` என்று முடிகிறதா என்றெல்லாம் பார்க்காது. ஒரே அப்ஸ்ட்ரீம் இரண்டு தடவை வந்ததும் நின்றுவிட்டது:

```
[emerg] duplicate upstream "orders" in
/etc/nginx/sites-enabled/orders.conf-e:1
```

ரீலோடு தோற்றால் என்ஜின்எக்ஸ் பழைய அமைப்போடு ஓடிக்கொண்டே இருக்கும். அது நல்ல குணம்தான். எங்கள் ஸ்கிரிப்ட் ரீலோடு தோற்றதா என்று பார்க்காமல், அடுத்த படியாக 8080இல் இருந்த பழைய செயலியை நிறுத்தியது. அப்புறம் என்ன, வந்தவர்களுக்கெல்லாம் 502. 23 நிமிடம். அதில் 15 நிமிடம் நாங்கள் புதிய செயலியில்தான் கோளாறு என்று அதன் லாகைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று எனக்கு நானே வாதாடுவதுண்டு. ஸ்கிரிப்ட் ரீலோடைச் சரிபார்த்திருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் `*` என்று இருந்த இடத்தில் `*.conf` என்று இருந்திருக்க வேண்டும். அவளும் கமிட்டுக்கு முன் ஒரு `git status` பார்த்திருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அந்த மெர்ஜுக்கு ஒப்புதல் கொடுத்ததும் நான்தான், பேருந்தில் கைப்பேசியிலிருந்து. நாலு கோப்பு கேட்ட இடத்தில் எட்டு என்று காட்டியிருக்கிறது. நான் முதல் இரண்டைத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் முழுக்க எதிர்ப்பக்கம் போனேன். யார் எதைக் கேட்டாலும் என்ன கணினி, எந்தப் பதிப்பு, எந்த ஷெல் என்று திருப்பிக் கேட்டேன். ஒருவர் கேள்வியை அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். என் மூன்று கேள்விகளுக்கு அவரிடமிருந்து பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆனது, அதற்குள் வேறு யாரிடமோ விடை வாங்கிவிட்டார். இன்னொருவருக்குக் கமாண்டுக்குக் கீழே ஐந்து எச்சரிக்கை எழுதினேன். மேலே இருந்த கமாண்டைக் காப்பி செய்தவர் கீழே வரவே இல்லை.

இப்போது செய்வது இதுதான். கேட்பதில்லை, சொல்லிவிடுகிறேன். அதுவும் கமாண்டுக்கு முன்னால், அரை வரியில்: "லினக்ஸ்னு நினைச்சு எழுதுறேன், மேக்னா சொல்லு, கொஞ்சம் மாறும்." எதிராளி பதில் சொல்லத் தேவையில்லை. ஊகம் சரியென்றால் அந்த அரை வரி யாரையும் தடுக்காது, தப்பென்றால் கை என்டரைத் தட்டும் முன் கண்ணில் படும். "உங்கள் சூழலைப் பொறுத்து மாறலாம்" என்பது இந்தக் கணக்கில் வராது. எதைப் பொறுத்து, எப்படி மாறும் என்று அது சொல்வதே இல்லை.

இதிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த அரை வரி அவளுக்காகவா, பிறகு "நான்தான் சொன்னேனே" என்று காட்டுவதற்காகவா? சில நாள் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல். ஊகமே வேண்டாத கமாண்டைக் கொடுத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். `sed -i.bak` என்று ஒட்டி எழுதினால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓடும். உண்மைதான், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், `orders.conf.bak` என்ற கோப்பும் அதே ஃபோல்டருக்குள் போயிருக்கும், அதே 502 வந்திருக்கும். ஒரே வித்தியாசம், கமாண்டிலேயே `.bak` என்று எழுதியிருப்பதால் நகல் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அழித்திருப்பாளா? `perl -pi -e` கொடுத்திருந்தால் இரண்டிலும் ஓடியிருக்கும், நகலும் வந்திருக்காது. அது இப்போது நினைவுக்கு வருகிறது.

அன்று இரவு அவளிடம் "தப்பு என்மேலதான்மா, மேக்குன்னு யோசிக்கல" என்றேன். "பரவால்லண்ணா, நானும் சொல்லல இல்ல" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, அவளும் அதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தாளா, தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு கேள்வி அனுப்பினாள், இன்றைக்கு ஏழு நாள் முந்தைய தேதி வேண்டுமாம். `date` கமாண்டும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். இந்தத் தடவை உஷாராக, "மேக்னு வச்சுச் சொல்றேன்" என்று ஆரம்பித்து `date -v-7d` என்று எழுதி அனுப்பினேன்.

"இல்லண்ணா, போன மாசமே லினக்ஸ் லேப்டாப் மாத்திக் குடுத்துட்டாங்க" என்று பதில் வந்தது. எதிர் வரிசையை எட்டிப் பார்த்தேன். கறுப்பு மடிக்கணினி.