பி பிரிவு கஸ்மாலம்

பள்ளியில் பாடம் எடுத்த ஐயா போய்விட்டார் என்று எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முழுப் பெயரைப் போட்டு இரங்கல் எழுதினேன். "யார் சார் நீங்க?" என்று ஒருவன் கேட்டான். "பி பிரிவு கஸ்மாலம்" என்றேன். அடுத்த நிமிஷமே நாலு பேர் போன் பண்ணினார்கள்.

பட்டம் தெரிந்தவர்களுக்கும் கதை தெரியாது. அப்போது ஆறாம் வகுப்பு. ஆட்டோ அண்ணன் எங்கள் எட்டுப் பேரையும் அடைத்துக்கொண்டு, பைகளை வெளியே தொங்கவிட்டு வருவார். ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் எவனாவது குறுக்கே வந்தால் தலையை நீட்டி, "தே கஸ்மாலம், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்பார். அதில் கோபத்தைவிட ராகம்தான் அதிகம். கடைசி 'யா'வை அவரைப் போல இழுக்கக் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறேன்.

ஐயா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த இரவு, தயிரை எடுக்கத் தாத்தா என் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாத்தா வீட்டிலேயே, தாத்தாவைப் பார்த்து, அந்த இழுப்போடு.

அம்மாவின் ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. சொட்டிய ரசத்தில் ஐயாவின் அப்பளம் நமத்துப்போனது. அப்பா எழுந்தார்.

"இந்தக் கருமத்தை எங்கேடா கத்துக்கிட்டே?" என்றார் தாத்தா.

"காலையில நீங்க பாராயணம் பண்றதுதானே, பெரியவரே" என்றார் ஐயா. "கீதை ரெண்டாம் அத்தியாயம், ரெண்டாம் சுலோகம். 'குதஸ்த்வா கஶ்மலமிதம்'. இந்தக் கலக்கம் உனக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு அர்ஜுனனைக் கிருஷ்ணன் கேட்கிறான். அழுக்குன்னும் அர்த்தம் உண்டு. நம்ம ஊர்த் தெருவெல்லாம் சுத்திட்டு இவன் வாய்க்கு வந்திருக்கு."

தாத்தா சுலோகத்தை முணுமுணுத்துப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்கு அடி விழவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஐயா அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். பக்கத்தில் 'பேமானி': ஈமான் இல்லாதவன், நாணயம் கெட்டவன். "முதல் சொல்லை நேத்து ஒரு பையன் எனக்குக் கொடுத்தான்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பிலிருந்த ஆட்டோ கூட்டாளிகள் மூவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அதுதான் என் பெயர்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐயாவைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன். அந்தக் கோபம் கொஞ்சம், சோம்பல் மிச்சம்.

சென்ற வாரம் பேரன் பள்ளி வேன்காரரிடமிருந்து கான்டனீஸ் வார்த்தை ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் சொன்னான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், மருமகள் முகத்தைப் பார்த்துத்தான் அது கெட்ட வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது.