சுழியில் இடறிய ஹெட்போன் ஆம்ப்

இரண்டு வார இழுபறிக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் ஹெட்போன் ஆம்ப் ஒழுங்காகப் பாடியது. BD139, BD140 ட்ரான்சிஸ்டர் ஜோடி, முன்னால் ஒரு 741 ஆப்-ஆம்ப், கெயின் 1, இரு பக்கமும் 12 வோல்ட், 32 ஓம் ஹெட்போன். இதில் என்ன இழுபறி என்று கேட்பீர்கள். அலை சுழியைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

முதல் தடவை ஃபீட்பேக்கை 741-இன் ஆறாவது காலிலிருந்தே எடுத்துவிட்டேன். ட்ரான்சிஸ்டர்கள் இரண்டும் அதற்கு வெளியே நின்றன, பேஸ்கள் நேரே ஒன்றாகக் கட்டியபடி. வீணை போட்டால் மீட்டின சத்தம் கேட்கிறது, நாதம் அடங்கும் வால் பகுதி கத்தியால் நறுக்கியது போல் நின்றுவிடுகிறது. ஸ்கோப்பில் பார்த்தால் நியாயம்தான். உச்சம் 1 வோல்ட் உள்ள சைன் அலை கொடுத்தால் வெளியே 0.4 வோல்ட் உயரத்தில் இரண்டு திமில்கள், நடுவே தட்டையான தரை. 0.5 வோல்ட் கொடுத்தால் ஒன்றுமே இல்லை. பேஸ் மேலே 0.6 வோல்ட் ஏறினால்தான் BD139 விழிக்கும், கீழே 0.6 இறங்கினால்தான் BD140 விழிக்கும். இடையிலுள்ள 1.2 வோல்ட் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு.

ஒரே ஒரு ஒயரை மாற்றி, எமிட்டர்கள் சேரும் இடத்திலிருந்து ஃபீட்பேக் எடுத்தேன். 1 கிலோஹெர்ட்ஸில் அலை பளிச்சென்று வந்தது. வேலை முடிந்தது என்று ஹெட்போனை அக்கா மகள் காதில் மாட்டினால், சத்தத்தைக் குறைத்ததும், "ஜால்ரா மணல் கொட்டுற மாதிரி இருக்கு மாமா" என்கிறாள். அவள் காது என் ஸ்கோப்பைவிட நல்ல காது. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, உச்சத்தை 0.2 வோல்ட்டாகக் குறைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: ஒவ்வொரு தடவை சுழியைக் கடக்கும்போதும் அலையில் சின்னப் படிக்கட்டு.

இந்த இடத்தில்தான் எனக்கு மூன்று நாள் போனது. ஸ்கோப்பின் இரண்டாவது சேனலை 741-இன் ஆறாவது காலில் வைத்துப் பாருங்கள், ஹெட்போன் பக்கத்தைவிட அங்கேதான் கதை தெரியும். அலை பாதி ஏறுகிறது, சுழி வந்ததும் 1.2 வோல்ட் ஒரே தாவாகத் தாவுகிறது, பிறகு மீண்டும் சாதுவாகப் போகிறது. ட்ரான்சிஸ்டர்கள் விட்ட பள்ளத்தை ஃபீட்பேக் தாண்டிக் கடக்கிறது. பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.

தாண்டுவதற்கு நேரம் வேண்டும். 741-இன் ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட். 1.2 வோல்ட் தாண்ட 2.4 மைக்ரோசெகண்ட் என்று தாளில் கணக்குப் போட்டேன். ஸ்கோப்பில் ஏறக்குறைய 5 இருந்தது. ப்ரோபைத்தான் முதலில் திட்டினேன். பிறகுதான் உறைத்தது: ஸ்லூ ரேட் என்பது ஆப்-ஆம்ப் தலைதெறிக்க ஓடும்போது கிடைக்கும் வேகம். உள்ளீட்டில் நல்ல வித்தியாசம் தெரிந்தால்தான் அது அப்படி ஓடும். சுழியைக் கடக்கும் நேரத்தில் பிழை சுழியிலிருந்து மெல்ல வளர்கிறது, அதனால் 741-உம் தூக்கக் கலக்கத்தில்தான் கிளம்புகிறது. சத்தம் குறையக் குறைய அலையின் சரிவும் குறைவு, பிழை வளர்வதும் தாமதம். சின்ன சத்தத்தில் ஏன் அதிகமாக உறுத்துகிறது என்பதற்கு விடை இதுதான். அரை அலைக்கு 50 மைக்ரோசெகண்ட் இருக்கும்போது அதில் 5 தட்டையாகப் போனால் காது விடுமா?

741-ஐப் பிடுங்கிவிட்டு TL071 செருகினேன், கால்கள் அப்படியே பொருந்தும். தட்டை 3 மைக்ரோசெகண்டாகச் சுருங்கியது. போகவில்லை. LM358-ஐ முயலலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதன் சொந்த வெளியீட்டுப் பகுதியிலேயே இதே நோய் இருக்கிறது.

சரி, பள்ளத்தையே தூர்ப்போம் என்று டயோடுகளுக்கு வந்தேன். இரண்டு 1N4148 தொடராக, ஆப்-ஆம்ப் நடுவில், மேலேயும் கீழேயும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். டயோடில் 5 மில்லி ஆம்பியர் ஓடும். எமிட்டர் ரெசிஸ்டர் எதற்கு என்று விட்டுவிட்டேன். அலை அற்புதம், படிக்கட்டைக் காணோம். ஆனால் பவர் சப்ளையின் ஆம்பியர் முள் 200 மில்லியில் நின்று, 250, 300 என்று ஏறத் தொடங்கியது. BD140-ஐத் தொட்ட விரலில் இன்னும் கொப்புளம் இருக்கிறது.

காரணம் எளிது. 5 மில்லி ஆம்பியரில் 1N4148 சுமார் 0.7 வோல்ட் கொடுக்கும், தடித்த BD139-க்கு அதே மின்னோட்டத்தில் 0.6 போதும். பக்கத்துக்கு 0.1 வோல்ட் மிச்சம். 60 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் பத்து மடங்காகும் உலகத்தில் அது ரொம்ப அதிகம். ட்ரான்சிஸ்டர் சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் அது கேட்கும் வோல்ட் 2 மில்லி குறையும், மின்னோட்டம் இன்னும் கூடும், சூடு இன்னும் கூடும். குளிர்ந்த டயோடு தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இரண்டு காரியம் செய்தேன். எமிட்டருக்கு 4.7 ஓம் வீதம் போட்டேன். 1N4148-க்குப் பதில் 1N4007, அதன் சந்தி பெரிது, அதே மின்னோட்டத்தில் குறைவாகக் கொடுக்கும். அதன் உடலை ட்ரான்சிஸ்டரின் மேல் ஒட்டி நூலால் கட்டினேன், சூடு இரண்டுக்கும் சேர்ந்தே ஏறட்டும் என்று. இப்போது 4.7 ஓமின் குறுக்கே 28 மில்லிவோல்ட், அதாவது 6 மில்லி ஆம்பியர். ஒரு மணி நேரம் ஓட்டியும் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை.

அந்த 28 தற்செயலாக வந்தது, ஆனால் நல்ல இடம். ஹெச்பி-யில் இருந்த ஆலிவர் 1971-இல் எழுதிக் காட்டிய கணக்கு அது: எமிட்டர் ரெசிஸ்டரில் சுமார் 26 மில்லிவோல்ட் இருந்தால், சுழியில் இரு ட்ரான்சிஸ்டரும் சேர்ந்து காட்டும் தடையும், தள்ளி ஒன்று மட்டும் காட்டும் தடையும் ஏறக்குறைய சமம். குறைத்தால் பள்ளம் திரும்பும், கூட்டினால் பள்ளத்துக்குப் பதில் மேடு வரும். முழுக்கச் சமமாகவே ஆகாது. அந்த மிச்சச் சின்ன மேடு பள்ளத்தைத்தான் ஃபீட்பேக்கிடம் விட வேண்டும். இப்போது ஆறாவது காலில் தாவல் இல்லை, 741-ஐயே திரும்பச் செருகினாலும் 10 கிலோஹெர்ட்ஸில் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை.

இதே போர்டில் 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டிப் பார்த்ததும் 2 வோல்ட்டிலேயே தலை மழுங்கியது. மேல் பாதியில் BD139-இன் பேஸுக்கு வேண்டியதை அந்த 2.2 கிலோ ஓம் மட்டுமே கொடுக்கிறது, ஆப்-ஆம்ப்பால் டயோடு வழியாகத் தள்ள முடியாது. ஸ்பீக்கருக்குத் தனி போர்டுதான். அதில் டயோடுகளுக்குப் பதில் ஹீட்சிங்கிலேயே திருகிய இன்னொரு BD139-ஐ வைத்து, ப்ரீசெட்டால் வோல்ட்டை மாற்றும் விபிஇ மல்டிப்ளையர். ப்ரீசெட்டை பேஸ்-எமிட்டர் பக்கம்தான் போடப்போகிறேன், அதன் கை விட்டுப்போனால் பயாஸ் குறையும், ட்ரான்சிஸ்டர் பிழைக்கும். கலெக்டர் பக்கம் போட்டு அது விட்டுப்போனால் இன்னொரு கொப்புளம். சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஹீட்சிங்க், மைக்கா தகடு, பல சுற்று ப்ரீசெட் பார்க்க வேண்டும். ஹெட்போன் ஆம்ப்புக்கு இன்னும் பெட்டி செய்யவில்லை, வலது சேனலும் பாக்கி.