மூன்றாவது பொத்தான்

காசு மோசடி பற்றி நான் எழுதும் பயிற்சிக் கதைக்குக் கிளிநொச்சியில் இன்று ஒத்திகை. அழுத்தும் பொத்தானைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். கணக்குப் பிரிவு அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் மூன்றாவது பொத்தானை அழுத்தினார்.

காட்சி இதுதான். உழவு இயந்திர உதிரிப்பாகம் தருபவரின் பெயரில் ஒரு மின்னஞ்சல்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, 4 இலட்சத்தைப் புதியதில் போடுங்கள்."

பொத்தான்கள் மூன்று. காசை அனுப்பலாம். பழைய கோப்பில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுக் கேட்கலாம்.

"கேட்டுத்தானே அனுப்புறன், தம்பி?" என்றார் அக்கா.

"ஓம், சரி" என்று பதிலும் வந்தது. முகவரியில் m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டி நின்றன. கேட்டதே திருடனிடம்தான்.

பிழையான பொத்தானை அழுத்தினால் உடனே சிவப்புக் குறி காட்டச் சிலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். உண்மையில் அப்படி எதுவும் ஒளிராது. கதையில் 9 நாள் கழித்து உண்மையான வியாபாரி அழைக்கிறார்: "காசு இன்னும் வரேல்லையே?"

பிழையான இரண்டு கிளைகளும் இங்கே சேர்ந்துவிடும். சேராவிட்டால், மூன்று இடத்தில் மும்மூன்று தெரிவு என்றாலே கதைக்கு 27 முடிவு எழுத வேண்டும்.

அப்புறம் அடுத்த தெரிவு: உடனே சொல்வதா, பொறுத்துப் பார்ப்பதா? சொன்னால் வங்கி மிச்சத்தையாவது மறிக்கக்கூடும். முழுக்காசும் திரும்புவதாக நான் எழுதவில்லை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஆருக்குச் சொல்லோணும்?"

அது என் பிரதியில் இல்லை. இரவிரவாக அந்தக் காட்சியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.