என் பொலிசியில் முகவரின் போன் நம்பர்

குடும்பத்தோடு தோஹாவுக்கு வந்த பிறகு ஊரில் எடுத்த ஆயுள் காப்புறுதியை மறந்தே போயிருந்தேன். கட்டுப்பணம் மட்டக்களப்பு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் என்ற நம்பிக்கைதான். கணக்கில் காசு குறைந்து ஒரு தவணை போகாமல் நின்றதைத் தற்செயலாகத்தான் கண்டேன். என் பொலிசிக்குச் சலுகைக் காலம் 30 நாள். அதில் 19 நாள் போய்விட்டது. அன்றே கட்டிவிட்டேன். தாண்டியிருந்தால் வட்டியும், உடல்நல அறிக்கையும் கேட்டிருப்பார்கள்.

ஏன் ஒரு அறிவித்தலும் வரவில்லை? வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ஊரில் வேலை நாள். காப்புறுதிக் கம்பனியின் கிளைக்குப் போன் எடுத்தேன். "நாங்க அனுப்பினம் தம்பி" என்று அங்கிருந்த அக்கா வாசித்த நம்பர் என்னுடையதே இல்லை. பொலிசி எடுத்தபோது படிவத்தை நிரப்பிய முகவர் தன் நம்பரையே போட்டிருக்கிறார். அவர் வேலையை விட்டு எத்தனையோ வருடம். கடிதங்கள் போனது நாங்கள் விட்டுவந்த கல்லடி வாடகை வீட்டுக்கு.

முகவரி மாற்றச் சொல்லி ஈமெயில் போட்டேன். பதிவில் ஈமெயிலே இல்லை, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். அனுப்பினேன், கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பினார்கள். அம்மா ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி நேரில் போனா. பொலிசிக்காரர்தான் எழுத வேண்டும் என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம்!

அன்றிரவு அம்மாவிடம் பொலிசிப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விண்ணப்பப் பிரதியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கே நான் தமிழில் கையெழுத்து வைத்திருக்கிறேன்! இப்போது பாஸ்போர்ட்டில் இருப்பது ஆங்கிலத்தில். புதுக் கடிதத்தில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இரண்டும் என்னுடையவைதான் என்று ஒரு வரி எழுதினேன். பொலிசி இலக்கத்தோடு அடையாள அட்டையின் பழைய, புதிய இலக்கங்கள் இரண்டையும் போட்டேன், பதிவில் இருப்பது பழையது என்பதால். தபால் முகவரியாக அம்மா வீடு. கட்டாரில் கடிதம் பொதுவாக வீட்டு வாசலுக்கு வராது, நான் வேலை செய்யும் கம்பனியின் தபால் பெட்டியை நம்பவும் முடியாது. போன் மட்டும் இங்குள்ளது. மூலப்பிரதியை ஊருக்குப் போன மச்சான் கையில் கொடுத்தேன். மாற்றியதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படி கடைசியில் கேட்டிருந்தேன். அதைக் கேட்காமல் விடாதீர்கள்.

மூன்று கிழமையில் உறுதிக் கடிதம் அம்மா வீட்டுக்கு வந்தது. வட்ஸ்அப்பில் பெருப்பித்துப் பார்த்தேன். முகவரி சரி. +974க்குப் பிறகு எட்டு இலக்கம் இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை திரும்பவும் எடுக்க வேண்டும்.