1-0, 7-0 என்றால் படம் ஓடுமா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கதை விவாதத்துக்கு உட்கார்ந்தால் பத்தில் இரண்டு மூன்று கதை விளையாட்டுக் கதையாகத்தான் இருக்கும். ஓட்டத்துக்குப் பேர்போன முண்டூரும் பறளியும் கூப்பிடு தூரம். தமிழிலும் மலையாளத்திலும் எடுக்கலாம் என்று வருகிறவர்கள் எல்லாரும் கையில் கொண்டுவருவது ஒரே வாய்ப்பாடு. யாரும் மதிக்காத ஆள், பழைய காயத்தோடு ஒரு பயிற்சியாளர், விடியற்காலைப் பயிற்சிக்கு ஒரு பாட்டு, இடைவேளையை ஒட்டி முதல் வெற்றி, அதற்கப்புறம் தலைக்கனமோ குருவோடு பிணக்கோ, அவமானம், திரும்பிவருதல், கடைசி நொடியில் முடியும் இறுதிப்போட்டி. நிஜ ஆளின் கதை என்றால், இதில் முதல் பாதிக்காக உண்மையைப் பெரிதாக வளைக்க வேண்டியிருக்காது. வறுமையும் புறக்கணிப்பும் நிஜத்திலேயே வேண்டிய அளவு கிடைக்கும். சிக்கல் பிணக்கிலிருந்து கிளைமாக்ஸ் வரைக்கும்தான். அங்கே ஒன்றை வளைத்தால் அது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு வரும்.

‘தங்கல்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்த இறுதியில் கீதா போகத் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை வென்றார். மதிப்பெண் 1-0, 7-0. அன்றைய விதிப்படி இரண்டு நிமிடச் சுற்று மூன்று, இரண்டில் ஜெயித்தால் போதும். மூன்றாவது சுற்றுக்கு வேலையே இல்லாத வெற்றி அது. அப்படியே எடுத்தால் மோதல் ஐந்து நிமிடம்கூடத் தாண்டாது. “கடைசி மேட்சு சப்புனு இருக்குதுங்களே” என்பார் தயாரிப்பாளர். அதனால் படத்தில் எதிராளிக்கு வேறு பெயர், ஆட்டம் மூன்றாவது சுற்றுக்குப் போகிறது, கீதா பின்தங்குகிறார், கடைசி நொடிகளில் ஐந்து புள்ளி வீச்சில் மீள்கிறார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படத்தில் கீதாவின் குரு அப்பாதான்; பிணக்குக்குப் பிறகு மகள் அவரிடம் திரும்பிவிட்டாள். இனி அவள் சொந்தப் புத்தியில் ஜெயிக்கிறாளா என்று பார்த்தாக வேண்டும். அப்பா கேலரியில் உட்கார்ந்து சைகை காட்டினால் அந்தச் சோதனை நடக்காது. எனவே அப்பாவை ஓர் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். பூட்டு என்று ஒன்று வந்தால் பூட்டுகிறவன் வேண்டுமே? பொறாமை பிடித்த தேசியப் பயிற்சியாளர் அதற்காக வருகிறார். நிஜத்தில் அப்படிப் பூட்டியதே இல்லை. படத்தில் பயிற்சியாளருக்குக் கற்பனைப் பெயர் வைத்திருந்தாலும், அந்தக் காலத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் யாரென்று விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் வெளிப்படையாகவே மறுப்புச் சொன்னார். மதிப்பெண்ணை மாற்றியதில் யாருக்கும் நஷ்டமில்லை; வில்லனின் பாரம் உயிரோடு இருக்கிற ஒருவர் தலையில் விழுந்தது.

வளைத்த இடத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். அசல் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு அதே அணி எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். 1954-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பள்ளிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற மிலன் என்ற சிற்றூர் அணியை எங்கிருந்தோ முளைத்த அணி என்றே பலரும் சொல்வார்கள். அது முந்தைய ஆண்டே அரையிறுதிவரை வந்த அணி.

இங்கேயே ஒரு கதை இருக்கிறது. முண்டூரின் பி.யு.சித்ரா 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஆனால் லண்டன் உலகத் தடகளப் போட்டிக்கான இந்திய அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள உயர்நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. அதற்குள் பெயர் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டதால் சர்வதேச அமைப்பு ஏற்கவில்லை. வாய்ப்பாட்டுக்காரர் கை முதலில் போவது இங்கேதான்: தீர்ப்பு, விமான நிலையத்துக்கு ஓட்டம், லண்டன் டிராக். கூடவே இன்னொன்றையும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். உலகப் போட்டிக்கான தகுதி நேரத்தைச் சித்ரா எட்டியிருக்கவில்லை, ஆசியச் சாம்பியன் என்ற முறையில்தான் அவருக்கு வாய்ப்பு இருந்தது. அதை மறைத்தால் தேர்வுக்குழு வெறும் கொடுங்கோலர் கூட்டமாகிவிடும். சொன்னால் இரண்டு பக்கமும் வாதம் இருக்கும். என்னைக் கேட்டால் நீதிமன்றக் காட்சிக்குக் காரமே அதில்தான்.

இதற்கு லண்டன் ஓட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவருக்கு வெண்கலம், 2019 தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் அதே 1500 மீட்டரில் மறுபடியும் தங்கம். இடையில் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. அதை எப்படிக் கடத்துவது என்பதுதான் திரைக்கதைக்காரர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை. பாட்டு வைத்துக் கடத்தலாம், நான் வைக்க மாட்டேன். லண்டன் 1500 மீட்டர் நடக்கிற இரவை ஊரிலிருந்தே காட்டிவிட்டு, நேராகத் தோஹாவுக்குப் போவேன்.