சிசிஐ ஷீட் ஒருவழியா சார்ட்டோட ஒத்துப் போச்சு: +100ஐ ஆர்எஸ்ஐ 70 மாதிரி பார்க்காதீங்க

நேத்து ராத்திரி என் ஷீட்ல வர்ற சிசிஐயும் சார்ட்ல தெரியுற சிசிஐயும் தசமம் வரைக்கும் ஒண்ணா வந்துருச்சு, அந்த சந்தோஷத்துல தான் இது. சிசிஐன்னா கமாடிட்டி சேனல் இண்டெக்ஸ், விலை தன் சராசரியிலருந்து எவ்ளோ விலகி நிக்குதுன்னு சொல்றது.

இத்தனை நாள் இழுத்தடிச்சது சராசரி விலகல் தான். நெட்ல எடுத்த ஒரு டெம்ப்ளேட்ல, ஒவ்வொரு நாளும் அந்தந்த நாள் சராசரியிலருந்து விலை எவ்ளோ தள்ளி இருக்குன்னு தனி நெடுவரிசை போட்டு, அதோட இருபது நாள் ஆவரேஜால வகுத்து வச்சிருக்காங்க. அது தப்பு. இன்னைக்கு இருக்குற ஒரே சராசரியை வச்சு தான் இருபது நாள் விலகலையும் எடுக்கணும். அதுக்கு தனி நெடுவரிசையே வேண்டாம், AVEDEV போதும், E2 ஃபார்முலாவை கீழ வரைக்கும் இழுத்துக்கோங்க (B ஹை, C லோ, D க்ளோஸ்):

```
E2: =(B2+C2+D2)/3
F21: =(E21-AVERAGE(E2:E21))/(0.015*AVEDEV(E2:E21))
```

சரியா வருதான்னு பார்க்க நிஜ டேட்டாவே தேவையில்ல. E நெடுவரிசையில E2ல 101ல ஆரம்பிச்சு தினம் ஒரு ரூபா ஏத்தி 120 வரைக்கும் போடுங்க, 126.67 வரணும். தினம் பத்து ரூபா ஏறினாலும் அதே 126.67 தான், சீரா ஏறுனா வேகம் கணக்குலயே வராது. AVEDEVக்கு பதிலா STDEV போட்டா 107 வரும். அந்த டெம்ப்ளேட் முறையில, தொடர்ந்து சீரா ஏறிட்டு இருக்குறப்ப 66.67 தான் வரும், அதாவது எவ்ளோ அழகான ட்ரெண்டா இருந்தாலும் +100ஐ தொடவே தொடாது! அதை வச்சு யாரெல்லாம் ட்ரேட் பண்றாங்களோ.

இப்ப அந்த 120லேயே விலையை நிறுத்துங்க. சிசிஐ முதல் நாள் 115, ரெண்டாம் நாள் 105, மூணாம் நாள் 96. விலை ஒரு பைசா கூட இறங்கல, ஆனா சிசிஐ +100க்கு கீழ வந்துருச்சு. ஏன்னா விலை நிக்கும்போதும் சராசரி பின்னாடியே ஏறி வந்துட்டு இருக்கு, இடைவெளி சுருங்குது.

அதே விலைக்கு 14 நாள் ஆர்எஸ்ஐ என்ன சொல்லுது? 100. மூணு நாளும் 100. அது ஏத்தத்தையும் இறக்கத்தையும் தான் ஒப்பிடுது, இறக்கமே இல்லாதப்ப அதுக்கு வேற சொல்ல வழியில்ல. அப்புறம் தினம் ஒரு ரூபா இறக்கி பார்த்தேன், ஆர்எஸ்ஐ முதல் நாள் 91, நாலாவது நாள் விலை 116 ஆனப்ப தான் 70க்கு கீழ 69.9. சிசிஐ 120லயே சொன்னதை ஆர்எஸ்ஐ 116ல சொல்லுது.

இதுக்காக சிசிஐ தான் உசத்தின்னு சொல்லல. நல்ல ட்ரெண்டு மூணு நாள் மூச்சு வாங்கிட்டு மறுபடி ஏறுறது சகஜம், அங்க சிசிஐ நம்மள வெளிய தள்ளிடும், ஆர்எஸ்ஐ அசையாது. சைடுவேஸ்ல இன்னும் மோசம், இன்னைக்கு +100 தாண்டும், நாளைக்கே உள்ள வந்துடும், புரோக்கரேஜ் தான் மிச்சம்.

யூடியூப்ல பாதி பேரு +100ன்னா ஓவர்பாட், வித்துடுங்கன்னு சொல்றாங்க பாருங்க, அங்க தான் எனக்கு கடுப்பாகும். 1980ல இதைக் கொண்டு வந்த டொனால்ட் லாம்பர்ட் சொன்னது நேர் எதிர்: +100ஐ தாண்டுனா வாங்கு, திரும்ப கீழ வந்தா வெளிய வா. −100க்கு கீழ போனா ஷார்ட், திரும்ப மேல வந்தா கவர். 0.015ஐ அவர் வச்சதே, சுமார் 70லருந்து 80 சதவீத ரீடிங் ±100க்குள்ள அடங்கணும்னு தான். வெளிய வந்துச்சுன்னா வழக்கத்தை மீறி ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். வைல்டரோட ஆர்எஸ்ஐ 70/30 வேற சமாச்சாரம், 0லருந்து 100க்குள்ள அடைபட்டது, உச்சிக்கிட்ட போகப் போக நகர இடமில்லாம ஒட்டிக்கும்.

சிசிஐக்கு எல்லையே இல்லன்னு எழுதுறாங்க, அதுவும் முழுசா சரியில்ல. பத்தொன்பது நாள் 100, இருபதாவது நாள் 101 போட்டுப் பாருங்க, 666.67 வரும். 101க்கு பதில் 150 போட்டாலும் அதே 666.67. இருபது நாளுக்கு அதுக்கு மேல போகவே போகாது. அதனால +300ஐ பார்த்து பெரிய ஏத்தம்னு குதிக்காதீங்க, முன்னாடி மார்க்கெட் தூங்கிட்டு இருந்திருக்கலாம்.

டேட்டாவுக்கு நான் என்எஸ்இ பவ்காப்பி தான் எடுக்குறேன், ஸ்ப்ளிட், போனஸ் வந்த பங்குக்கு பழைய விலையை நாமளே சரி பண்ணணும், இல்லன்னா அந்த நாள் −600 பக்கம் ஒரு பள்ளம் விழும். −100 பக்கத்தை இன்னும் சரியா சோதிக்கல, அதுக்கு முன்னாடி எம்சிஎக்ஸ் காப்பரை வீக்லில போட்டுப் பார்க்கணும்னு ஆசை, ஆனா கான்ட்ராக்ட் ரோல்ஓவர்ல வர்ற கேப்பை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணல. கன்டினியூஸ் சீரிஸ் யாராவது போட்டு வச்சிருந்தா எப்படி ஒட்டுனீங்கன்னு சொல்லுங்க.