அந்த 24 எங்கிருந்து வந்தது?

விளம்பரத் திட்ட வரைவின் முதல் பக்கத்தில் என் குழுவில் இருந்த ஓர் ஊழியர் எழுதியிருந்த வரி இது: "சிறு வணிகர்களிடையே நமது கணக்கு மென்பொருள் குறித்த விழிப்புணர்வை உயர்த்துதல்." நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதினேன்: எத்தனையிலிருந்து, எத்தனைக்கு, எந்தத் தேதிக்குள்? இன்று கேட்டாலும் அந்த மூன்று கேள்விகளும் சரியானவை என்றுதான் சொல்வேன். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் திட்டங்களிலும் ஏறக்குறைய அதே வரி இருந்தது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் விழிப்புணர்வு உயர்ந்துவிட்டதாக நாங்களே அறிக்கை எழுதிக்கொண்டோம். மறுக்க யாராலும் முடியாது, ஏனென்றால் மறுப்பதற்கு அந்த வரியில் எதுவுமே இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் திருத்திய வரைவைக் கொண்டுவந்தார். அதில், "ஜூன் 30-க்குள் வலைத்தளத்தின் மாத வருகையை 8,000-லிருந்து 16,000 ஆக்குதல்" என்று இருந்தது. எண்ணும் இருந்தது, தேதியும் இருந்தது. ஆனாலும் நான் அதையும் திருப்பி அனுப்பினேன். வலைத்தளத்துக்கு வருபவர் நம் பெயரை அறிந்து வந்தவராகவும் இருக்கலாம், ஒரு விளம்பரத்தில் தவறிக் கைபட்டு வந்தவராகவும் இருக்கலாம். மலிவான விளம்பர இடங்களை வாங்கினால், ஒரு வணிகரின் மனத்திலும் நம் பெயர் பதியாமலேயே 16,000-ஐ எட்டிவிட முடியும். கையில் எளிதாகக் கிடைக்கும் எண், நாம் அறிய விரும்பும் எண்ணின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. அதை அவருக்கு விளக்கியபோது எனக்கு ஓர் ஆசிரியரின் திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே விழிப்புணர்வையே அளப்பது என்று முடிவு செய்தோம். மார்ச் முதல் இரண்டு வாரங்களில் 400 சிறு வணிகர்களிடம் தொலைபேசி வழியாகக் கருத்துக்கணிப்பு எடுக்கப்பட்டது. "கணக்கு எழுத உதவும் மென்பொருள்கள் என்றால் உங்களுக்கு எந்தப் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன?" என்று முதலில் கேட்டோம். பெயர்ப் பட்டியல் ஒன்றை வாசித்து, இவற்றில் எவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டோம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பட்டியலை முன்னால் வாசித்துவிட்டால், நினைவிலிருந்து சொல்லும் பதிலுக்கு நாமே எடுத்துக்கொடுத்தது போலாகிவிடும். எங்குமே இல்லாத ஒரு பெயரையும் அவர் பட்டியலில் சேர்த்திருந்தார். அதையும் கேள்விப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். பட்டியலை வைத்துக் கேட்டால் கிடைக்கும் சதவீதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அந்தச் சிலர் காட்டிக்கொடுத்தார்கள். எனவே தூண்டுதல் இல்லாமல் நினைவுக்கு வரும் பெயரையே அளவுகோலாகக் கொண்டோம். 400 பேரில் 72 பேர் நம் பெயரைச் சொன்னார்கள். அதாவது 18 சதவீதம்.

தொடக்க அளவு கிடைத்துவிட்டது, இலக்கு வேண்டும். அந்த உரையாடலைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எத்தனை எழுதலாம் சார்?" என்று கேட்டார்.

"18-ல் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 24. செப்டம்பர் 30-க்குள் 24 என்று எழுதுங்கள்" என்றேன்.

அவர் உடனே எழுதவில்லை. "எழுதுகிறேன் சார். ஆனால் இந்த 24 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?"

"முதலில் எழுதுங்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவர் கேட்டதன் முழுப் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. எண்ணுக்கு ஆதாரம் கேட்கிறார் என்பது புரிந்தது. ஆதாரம் தேடப் புகுந்தால் திட்டம் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போகும் என்பதும் தெரிந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்பது காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். எவ்வளவு பணம் செலவிட்டால், எத்தனை பேரை, எத்தனை முறை சென்றடைந்தால் ஒரு பெயர் நினைவில் தங்கும் என்ற கணக்கிலிருந்து அது பிறக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் நாங்கள் எதையும் அளந்திராததால், அந்தக் கணக்கைப் போடத் தேவையான பழைய எண்களும் எங்களிடம் இல்லை. அப்படியிருக்க, முதல் ஆண்டை அளப்பதற்கு மட்டும் ஒதுக்கி, இலக்கை அடுத்த ஆண்டில் வைத்திருக்கலாம். அப்படி ஒரு திட்டத்தை மேலிடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்: "இலக்கே இல்லாத திட்டமா?" என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் மீண்டும் 400 பேரிடம் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேட்டோம். 84 பேர் நம் பெயரைச் சொன்னார்கள். 21 சதவீதம். ஆய்வுக் கூட்டத்துக்கான அட்டவணையில் அந்த வரிக்கு எதிரே "எட்டப்படவில்லை" என்று சிவப்பில் குறிக்கப்பட்டது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் உறுத்தல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. 400 பேரைக் கேட்டு 18 சதவீதம் என்று வந்தால், மொத்த வணிகர்களிடையே உண்மை அளவு ஏறத்தாழ 14-க்கும் 22-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் நம்பிச் சொல்ல முடியும். 21 என்று வந்தால் 17-க்கும் 25-க்கும் இடையில். இரண்டு கணிப்புகளை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். எங்களுக்குக் கிடைத்த மூன்று புள்ளி உயர்வின் பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் ஐந்தரைப் புள்ளி. ஆக, விழிப்புணர்வு எட்டுப் புள்ளிக்கு மேல் உயர்ந்து அவர் இலக்கைத் தாண்டியிருக்கலாம். இரண்டு புள்ளி குறைந்தும் போயிருக்கலாம். அந்தக் கட்டத்தில் நேர்மையாக எழுதக்கூடிய சொல் "தெரியவில்லை" என்பதுதான். நாங்கள் வைத்த ஆறு புள்ளி உயர்வு என்ற இலக்கே அந்தப் பிழை வரம்பை மயிரிழையில்தான் தாண்டி நின்றது. அத்தனை பேரை மட்டும் கேட்டுவிட்டு அந்த இலக்கை எட்டினோமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது. மூன்று புள்ளி உயர்வை உயர்வு என்று சொல்லவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1,350 பேரைக் கேட்டிருக்க வேண்டும். மும்மடங்குக்கும் மேலான செலவு அது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. கூட்டத்துக்கு முந்தைய இரவே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். கூட்டத்தில் சொல்லவில்லை. சொன்னால், இலக்கைத் தவறவிட்டவர்கள் புள்ளியியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று தோன்றும். எண்ணும் தேதியும் வேண்டும் என்று நான் அத்தனை மாதங்களாக வாதாடியதெல்லாம் ஒரே நாளில் கரைந்துபோகும். அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அது. கணிப்பை 400 பேரோடு நிறுத்திக்கொள்ள மார்ச்சில் ஒப்புதல் கையெழுத்திட்டவன் நான் என்பது, சொல்லிக்கொள்ளாத காரணம். அடுத்த காலாண்டில் அவருடைய நிதி குறைக்கப்பட்டது. அதற்கடுத்த காலாண்டில் அவர் வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போனார். போகும்போது அந்த 24-ஐப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

1961-லேயே ரஸ்ஸல் கோலி என்பவர் விளம்பர இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். குறிப்பிட்ட ஒரு பணி, வரையறுத்த மக்கள், ஒரு தொடக்க அளவிலிருந்து எவ்வளவு மாற்றம், எவ்வளவு காலம். எங்கள் இலக்கில் இந்த நான்கும் இருந்தன. அந்தப் பரீட்சையில் வைத்தால் நாங்கள் தேறிவிடுவோம். 1981-ல் ஜார்ஜ் டோரன் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து முன்வைத்த 'ஸ்மார்ட்' இலக்குகளில், இன்று பலரும் 'எட்டக்கூடியது' என்று படிக்கும் மூன்றாம் எழுத்தான 'ஏ'-வுக்கு அவர் தந்த பொருள் வேறு: யார் செய்வார் என்று குறிப்பிடுவது. அதையும் நாங்கள் செய்தோம், அந்த ஊழியரின் பெயரை எழுதினோம். அளப்பது யார் பொறுப்பு, அளவுகோல் எவ்வளவு நுண்மையாக இருக்க வேண்டும், அதற்குப் பணம் யார் தருவார் என்பதற்குத்தான் எங்கள் அட்டவணையில் கட்டமே இல்லை. அந்தக் கட்டத்தில் வந்திருக்க வேண்டிய பெயர் என்னுடையது.

இதையெல்லாம் நினைக்கும்போது அந்தப் பழைய மொட்டை வரியையே விட்டிருக்கலாமோ என்றுகூடச் சில நாள் தோன்றும். அந்த வரியால் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்த வரி இருந்த மூன்று ஆண்டுகளில் செலவழிந்த பணம் எங்கே போனது என்பதும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 72 பேர், 84 பேர் என்று எழுதிவைத்த பிறகுதான் 'தெரியவில்லை' என்பதையே எங்களால் தெரிந்துகொள்ள முடிந்தது.

இந்த ஆண்டுக்கான திட்டத்தை நானே எழுதினேன். செப்டம்பர் 30-க்குள் 21-லிருந்து 27 சதவீதம். ஒவ்வொரு முறையும் 1,350 பேர். முடிவைக் குறிக்க 'எட்டியது', 'எட்டவில்லை', 'சொல்ல இயலாது' என்று மூன்று கட்டங்கள். போன வாரம் ஒப்புதலோடு திரும்பி வந்தது. கணிப்புச் செலவு அதிகம் என்று 1,350-ஐ அடித்து 400 என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது கட்டம் குழப்பம் தருகிறது என்று நீக்கப்பட்டிருந்தது. 27 மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் முழுவதும் மேசையில் வைத்திருந்துவிட்டு, மாலையில் கையெழுத்திட்டு அனுப்பினேன். பொறுப்பாளர் கட்டத்தில் இந்த முறை ஒரு புதிய இளைஞரின் பெயர் இருக்கிறது. 27 எங்கிருந்து வந்தது என்று அவர் இன்னும் கேட்கவில்லை.